வங்கிக் கணக்கில் பெயர் எழுத்து மாறியிருப்பதால் பணம் வராமல் போகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கிக் கவுண்டரில் 19 வருடம் உட்கார்ந்தவன் நான். "பேர்ல ஒரு எழுத்து தப்பு சார்" என்று வருகிறவர்களை அப்போதே வாரத்துக்கு ஒருவராவது பார்ப்பேன். வேலையை விட்ட பிறகு என் அத்தைக்கே இது வந்தது. வருமான வரி ரீஃபண்ட் 8,200 ரூபாய்க்காக 2025 ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை அலைந்தோம். கீழே இருக்கும் பதில்களில் பாதி அந்தக் கவுண்டர் அனுபவம், மீதி அத்தையோடு மறுபக்கம் நின்ற அனுபவம். அத்தையின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். எழுத்துப் பிழையின் வகை உண்மையானது.

மாசாமாசம் பென்ஷன் சரியா வருது. ரீஃபண்ட் மட்டும் ஏன் வரல?

பென்ஷன் அனுப்பும்போது உங்கள் பெயரை யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் பணம் வரவு வைக்கப்படுவது கணக்கு எண்ணை வைத்துத்தான். அப்படி எண்ணை மட்டும் பார்த்து வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010லேயே சுற்றறிக்கை விட்டுவிட்டது. அதனால் உங்கள் பெயர் 20 வருடமாகத் தப்பாக இருந்தாலும் சம்பளமும் பென்ஷனும் வந்துகொண்டே இருக்கும், பிழை இருப்பதே தெரியாது.

பெயரைப் பார்ப்பவர்கள் வேறு ஆட்கள். வருமான வரித் துறை ரீஃபண்ட் அனுப்பும் முன்பே, நீங்கள் கொடுத்த கணக்கு உங்களுடையதுதானா என்று வங்கியிடம் கேட்டு, வருகிற பெயரைப் பான் பதிவில் உள்ள பெயரோடு ஒப்பிடுகிறது. தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் பணம் எடுக்கும்போது ஒரு சிறு தொகையைக் கணக்குக்கு அனுப்பி, திரும்பி வரும் பெயரைச் சரிபார்க்கிறார்கள். பென்னி டிராப் என்பது இதுதான். மியூச்சுவல் ஃபண்டுக்காரர்களும் கணக்கைச் சேர்க்கும்போது இப்படிச் செய்வதுண்டு. வெளிநாட்டிலிருந்து ஸ்விஃப்ட் வழியாக வரும் பணத்துக்குப் பெறும் வங்கியே பெயரையும் எண்ணையும் சேர்த்துப் பார்க்கும்.

ஆக, பல நேரம் உங்கள் பணம் வங்கி வாசல்வரை வந்து திரும்புவதில்லை, புறப்படவே இல்லை. வங்கியில் போய் "என் பணத்தை ஏன் திருப்பி அனுப்பினீங்க" என்று சண்டை போட்டால் அவர்களுக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியாது.

பேர்தான் காரணம்னு எப்படி உறுதியாத் தெரிஞ்சுக்கறது?

வங்கியிடம் கேட்கும் முன் அனுப்புகிறவரிடம் கேளுங்கள். வருமான வரி என்றால் மின்னணுத் தாக்கல் தளத்தில் உள்ளே போய், சுயவிவரப் பக்கத்தில் My Bank Account என்ற இடத்தைத் திறந்தால் கணக்குக்குப் பக்கத்தில் நிலை இருக்கும். Validated என்றால் பெயர் பிரச்சினை இல்லை. Validation failed என்றால் அதற்கான காரணத்தையும் அங்கேயே பார்க்கலாம். பெயர் பொருந்தவில்லை என்று இருந்தால்தான் இந்தப் பக்கம் உங்களுக்கு உதவும். பான் அந்தக் கணக்கோடு இணையவில்லை, ஐஎஃப்எஸ்சி மாறிவிட்டது, கணக்கு முடங்கிக் கிடக்கிறது என்று இருந்தால் அவை வேறு வேலைகள். வங்கிகள் இணைந்தபோது ஐஎஃப்எஸ்சி மாறியதைக் கவனிக்காமல், பெயர்தான் பிரச்சினை என்று கெசட் வரைக்கும் போனவர்களை எனக்குத் தெரியும்.

தனியார் நிறுவனமோ வெளிநாட்டு வங்கியோ அனுப்பியிருந்தால், திரும்பிய காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். மின்னஞ்சலில் ஒரு வரி இருந்தால் போதும். கிளையில் அதைக் காட்டினால் பேச்சு பாதியாகக் குறையும்.

வெளியில இருக்கறவங்களுக்கு என் கணக்குல என்ன பேர் தெரியுதுன்னு எப்படிப் பாக்கறது? பாஸ்புக்ல சரியாத்தான் இருக்கு.

பாஸ்புக் முகப்பை நம்பாதீர்கள். பழைய பாஸ்புக்கில் பெயரைக் கையால் எழுதியிருப்பார்கள். எழுதின கிளார்க்குக்கு உங்களைத் தெரியும், சரியாக எழுதியிருப்பார்; கணினியில் ஏற்றினவருக்குத் தெரியாது.

இப்போது நல்ல வழி ஒன்று இருக்கிறது. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் கொண்டுவரும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருந்தது. வேறு வங்கியில் கணக்கு வைத்திருக்கும் மகனையோ பக்கத்து வீட்டுக்காரரையோ அவர்களுடைய நெட் பேங்கிங்கில் உங்கள் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சியையும் போடச் சொல்லுங்கள். பணம் அனுப்பத் தேவையில்லை. திரையில் வரும் பெயரைப் படம் எடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து கேட்பவர்களுக்கு உங்கள் வங்கி சொல்லும் பெயர் அதுதான்.

அத்தையின் பாஸ்புக்கில் `S. Vijayalakshmi` என்று அழகான கையெழுத்தில் இருந்தது. திரையில் வந்தது இது:

```
VIJAYA LAKSMI S
```

நடுவில் ஒரு இடைவெளி வந்திருக்கிறது, ஒரு H போயிருக்கிறது, இனிஷியல் பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது. பானில் இருப்பதோ `VIJAYALAKSHMI SUBRAMANIAN`.

ஆதார்ல ஒரு மாதிரி, பான்ல ஒரு மாதிரி, வங்கியில ஒரு மாதிரி இருக்கு. எதை எதுக்குச் சரியா மாத்தறது?

நேரம் செலவழித்து யோசிக்க வேண்டியது இந்த ஒரு இடத்தில்தான். எதையும் எதற்கும் மாற்றலாம் என்று நினைத்து முதலில் கண்ணில் பட்டதை மாற்றினால் ஒரு முனை பொருந்தும், இன்னொரு முனை பிய்ந்துகொள்ளும்.

எந்த ஆவணம் வளைந்து கொடுக்காதோ அதை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். நம்மைப் போல் இனிஷியல் வைத்திருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் பான். பான் விண்ணப்பத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் கட்டங்களில் ஒற்றை எழுத்து இனிஷியலைப் போட முடியாது. விரித்து எழுத வேண்டும். அதனால்தான் ஊரெல்லாம் எஸ். விஜயலட்சுமியாக இருப்பவர் வரித் துறைக்கு மட்டும் விஜயலட்சுமி சுப்ரமணியன் ஆகிறார். அத்தையின் பானை `S VIJAYALAKSHMI` என்று மாற்றலாமே என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அது நடக்காது என்பதால் மற்ற இரண்டும்தான் பானை நோக்கி வர வேண்டியிருந்தது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பான் அட்டையில் அச்சாகியிருக்கும் பெயரும் பதிவில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. விண்ணப்பத்தில் முழுப் பெயருக்கு ஒரு இடம், அட்டையில் அச்சாக வேண்டிய சுருக்கப் பெயருக்கு இன்னொரு இடம் என்று இரண்டு உண்டு. ஒப்பிடுவது பதிவில் உள்ள பெயரைத்தான். ஆகவே அட்டையைப் பார்த்து எழுதாமல், வருமான வரித் தளத்தில் உள்நுழைந்ததும் தெரியும் பெயரைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஆதார். வங்கிக்கு இது ஏன் முக்கியம் என்றால், அடையாளத்துக்கு வங்கி ஏற்கும் ஆவணங்களின் பட்டியலில் ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை எல்லாம் உண்டு. பான் அந்தப் பட்டியலில் இல்லை. பான் தனியாகக் கேட்கப்படும் ஒன்று. அத்தையின் ஆதாரில் `Vijayalakshmi S` என்று இருந்தது. பானை மட்டும் காட்டி விரிந்த பெயரைப் போடச் சொன்னபோது, "ஆதார்ல வெறும் எஸ்-தானே இருக்கு" என்றார் அதிகாரி. அவர் சொன்னது சரிதான். அவருக்குச் சுப்ரமணியன் என்ற சொல் அவருடைய பட்டியலில் உள்ள ஒரு ஆவணத்திலாவது தெரிய வேண்டும். உங்கள் பாஸ்போர்ட்டில் விரிந்த பெயர் இருந்தால் ஆதாரைத் தொடாமலே வேலை முடியலாம். அத்தைக்குப் பாஸ்போர்ட் கிடையாது. ஆகவே முதலில் ஆதார் மையத்துக்குப் போய், பான் அட்டையைச் சான்றாகக் கொடுத்துப் பெயரை விரித்தோம்.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். அதனால் மையத்தில் தட்டச்சு செய்பவர் திரையைத் திருப்பிக் காட்டும்போது கண்ணாடி போட்டுக்கொண்டு ஆங்கிலத்தையும் தமிழையும் தனித்தனியாகப் படியுங்கள். ஆங்கிலத்தில் அடித்ததை மென்பொருள் தானாகத் தமிழாக்கும்போது சுப்ரமணியன் சுப்ராமனியன் ஆவது சாதாரணம்.

ஒரு ஸ்பேஸ், ஒரு H. இதுக்கெல்லாமா நிறுத்துவாங்க?

சிலர் நிறுத்துவார்கள், சிலர் விடுவார்கள். ஒப்பிடுவது மென்பொருள், ஒவ்வொரு நிறுவனமும் எவ்வளவு தளர்வாக வைத்திருக்கிறது என்பது வெளியே தெரியாது. பெயரின் முன்பின் வரிசை மாறியிருந்தால் பல இடங்களில் தப்பித்துவிடும், இனிஷியலுக்கு எதிரே முழுப் பெயர் இருந்தால் அடிக்கடி மாட்டும். எதில் மாட்டும் என்று ஊகிப்பதை விட, இடைவெளி உட்பட அப்படியே ஒன்றாக்கிவிடுவது மேல். எப்படியும் ஒரு தடவை கிளைக்குப் போகப் போகிறீர்கள்.

கணக்கு ஆரம்பிச்சப்போ நான் சரியாத்தான் எழுதிக் கொடுத்தேன். வங்கி பண்ணின தப்புக்கு நான் ஏன் ஆவணம் கொடுக்கணும்?

நியாயமான கேள்வி. உங்கள் கணக்குத் தொடக்கப் படிவத்தில் சரியான எழுத்து இருந்து, கணினியில் ஏற்றும்போது தவறியிருந்தால், அந்தப் படிவமே ஆதாரம். "என் தொடக்கப் படிவத்தைப் பார்த்துத் திருத்துங்கள்" என்று கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். லெட்ஜர் காலத்திலிருந்து கணினிக்கு மாறியபோது ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பெயர்களை அடித்தோம். நானே அடித்திருக்கிறேன். எட்டு மணிக்கு மேல் அடித்தவற்றில் எத்தனை H காணாமல் போயிருக்கும் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஆனால் நடைமுறை வேறு. பழைய படிவம் கிளையில் இருக்காது, எங்கோ ஒரு ஆவணக் கிடங்கில் இருக்கும். எடுத்து வரச் சொன்னால் வாரக் கணக்கில் ஆகும். அதோடு, படிவத்தால் திருத்த முடிவது எழுத்துப் பிழையை மட்டுமே. அத்தை 1987ல் கையெழுத்துப் போட்ட படிவத்தில் `S. Vijayalakshmi` என்றுதான் இருக்கும். அதை வைத்து H-ஐ மீட்கலாம், சுப்ரமணியனைக் கொண்டுவர முடியாது. அவசரம் என்றால் உரிமைப் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு ஆவணத்தைக் கொடுத்துவிடுங்கள்.

கடிதத்துல என்ன எழுதணும்?

பெரும்பாலான வங்கிகளில் வாடிக்கையாளர் விவரத்தை மாற்றுவதற்கு அச்சிட்ட படிவம் இருக்கும். அதை நிரப்புங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். படிவத்தில் பெயருக்கு ஒரு கட்டம்தான் இருக்கும். பழைய பெயர் எது, எங்கெல்லாம் மாற வேண்டும் என்று சொல்ல இடம் இருக்காது. தனியாக ஒரு கடிதம் இணையுங்கள். தமிழில் எழுதலாம், பெயர்களை மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். நாங்கள் கொடுத்தது கிட்டத்தட்ட இது:

> கிளை மேலாளர் அவர்களுக்கு,
>
> பொருள்: பதிவில் உள்ள பெயரைத் திருத்துவது குறித்து.
>
> ஐயா, என் வாடிக்கையாளர் எண் ……, சேமிப்புக் கணக்கு எண் ……. தங்கள் பதிவில் என் பெயர் இப்போது இவ்வாறு உள்ளது:
> `VIJAYA LAKSMI S`
>
> ஆதாரிலும் பான் பதிவிலும் உள்ளபடி இவ்வாறு இருக்க வேண்டும்:
> `VIJAYALAKSHMI SUBRAMANIAN`
> (13 எழுத்துகள், ஒரு இடைவெளி, 11 எழுத்துகள்.)
>
> இது பெயர் மாற்றம் அல்ல. எழுத்துத் திருத்தமும் இனிஷியலின் விரிவும் மட்டுமே. என் கையெழுத்தில் மாற்றம் இல்லை.
>
> இந்த வேறுபாட்டால் எனக்கு வர வேண்டிய வருமான வரி ரீஃபண்ட் நின்றுள்ளது. அதைக் காட்டும் பக்கத்தின் நகலை இணைத்துள்ளேன்.
>
> வாடிக்கையாளர் பதிவிலும், மேற்கண்ட சேமிப்புக் கணக்கின் பெயரிலும், கீழ்க்கண்ட வைப்புக் கணக்குகளின் பெயரிலும் திருத்தம் செய்து, செய்த தேதியைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.
>
> வைப்புக் கணக்கு எண்கள்: ……
>
> இணைப்பு: ஆதார் நகல், பான் நகல், ரீஃபண்ட் நிலை நகல். மூலங்களைச் சரிபார்க்கக் கொண்டுவந்துள்ளேன்.

"பெயர் மாற்றம் அல்ல" என்ற வரி அலங்காரத்துக்கு இல்லை. பெயர் மாற்றம் என்று காதில் விழுந்ததும் கவுண்டரில் இருப்பவர் கெசட் கேட்பார், அது பழக்கம். எழுத்துத் திருத்தம் என்று எழுதியிருந்தால் வேறு கண்ணால் பார்ப்பார். எழுத்துகளை எண்ணிக் குறிப்பதும் வேடிக்கையாகத் தோன்றலாம். உள்ளே அடிப்பவருக்கு அது உண்மையிலேயே உதவும்.

இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். கணக்கு இருக்கும் கிளைக்கே போவது நல்லது. வேறு கிளையில் கொடுத்தால் பல நேரம் அங்கேதான் அனுப்புவார்கள். வயதானவர் என்றாலும் ஒரு முறையாவது அவரே நேரில் போனால் வேலை சீக்கிரம் நடக்கும், ஏனென்றால் கையெழுத்தையும் முகத்தையும் ஒப்பிட்ட பிறகுதான் அதிகாரி திருத்தத்துக்கு ஒப்புதல் கொடுப்பார்.

கெசட்ல போட்டுட்டு வாங்கன்னு சொல்றாங்க. கட்டாயமா?

உங்கள் கையில் சரியான எழுத்தோடு செல்லத்தக்க ஆவணம் இருந்தால் எழுத்துப் பிழைக்குக் கெசட் தேவையில்லை. கெசட்டின் இடம் வேறு. ரிசர்வ் வங்கியின் கேஒய்சி விதிப்படி, உங்கள் அடையாள ஆவணம் பழைய பெயரில் இருந்து, அதற்குப் பிறகு பெயர் மாறியிருந்தால், மாநில அரசு கொடுத்த திருமணச் சான்றிதழோ கெசட் அறிவிப்போ சேர்த்துக் கொடுத்து அந்த ஆவணத்தையே ஏற்கச் செய்யலாம். கல்யாணத்துக்குப் பிறகு அப்பா பெயரிலிருந்து கணவர் பெயருக்கு மாறியவர்களுக்கு இது பொருந்தும். அவர்களுக்கும் திருமணச் சான்றிதழ் இருந்தால் கெசட் வேண்டியதில்லை.

"எந்த விதிப்படி கெசட் வேண்டும் என்று இந்தக் கடிதத்திலேயே எழுதிக் கொடுங்கள் சார்" என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் அப்போதே கடிதத்தை வாங்கிக்கொள்வார்கள்.

இரண்டு பேரும் ஒருத்தர்தான்னு நோட்டரி அஃபிடவிட் கொடுத்தாப் போதாதா?

அதிகாரியைச் சமாதானப்படுத்த உதவும். எழுத்து அதிகம் வேறுபடும்போது சில கிளைகள் அதையே கேட்கவும் செய்யும். ஆனால் அதை ஃபைலில் வைத்துக்கொண்டு பதிவைத் திருத்தாமல் விட்டால் ஒரு பயனும் இல்லை. ஒப்பிடுகிற மென்பொருள் அஃபிடவிட்டைப் படிக்காது.

மாத்திட்டோம்னு எஸ்எம்எஸ் வந்துச்சு. மறுபடி முயற்சி பண்ணா அதே தப்பு வருது. ஏன்?

எங்களுக்கும் இதுதான் நடந்தது. 2025 செப்டம்பர் 18 அன்று கடிதம் கொடுத்தோம். ஐந்தாம் நாள் குறுஞ்செய்தி வந்தது. நெட் பேங்கிங்கில் "வணக்கம்" என்பதற்குப் பக்கத்தில் புதுப் பெயர் பளிச்சென்று இருந்தது. வருமான வரித் தளத்தில் கணக்கை மறுபடி சரிபார்க்கக் கொடுத்தால் பழையபடி தோல்வி.

வங்கி மென்பொருளில் உங்கள் பெயர் குறைந்தது இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று நீங்கள் என்ற ஆளுக்கான வாடிக்கையாளர் பதிவு. வங்கிக்காரர்கள் சிஐஎஃப் என்பார்கள். இன்னொன்று ஒவ்வொரு கணக்குக்கும் உள்ள கணக்குப் பெயர். கணக்கைத் தொடங்கும்போது முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் பெயர் நகலாகும். பிறகு முதலாவதைத் திருத்தினால் இரண்டாவது எல்லா மென்பொருளிலும் தானாக மாறுவதில்லை. தனியாக ஒரு திரையில் போய் மாற்ற வேண்டும். அந்தக் கிளையில் இருந்த இளைஞர் முதல் திரையோடு நிறுத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், படிவத்தில் அந்த ஒரு கட்டம்தான் இருக்கிறது. கடிதத்தில் நாங்கள் மூன்று இடத்தையும் எழுதியிருந்ததால் முத்திரைப் பிரதியைக் காட்டி, "சிஐஎஃப்-ல மாறிடுச்சு தம்பி, கணக்குப் பேர் இன்னும் பழசா இருக்கு" என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. அன்று மாலையே முடிந்தது.

எஸ்எம்எஸ்ஸையோ நெட் பேங்கிங் முகப்பையோ பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதலில் செய்த சோதனையையே திரும்பச் செய்யுங்கள்: வேறு வங்கிக்காரர் ஒருவரை உங்கள் எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே புதுப் பெயர் வந்த பிறகு அனுப்புகிறவரிடம் போங்கள்.

வங்கியில சரியாயிடுச்சு. இனி ரீஃபண்ட் தானா வந்துடுமா?

தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள். முதலில் My Bank Account பக்கத்தில் அதே கணக்கை மறுபடி சரிபார்க்கக் கொடுங்கள். Validated என்று மாறிய பிறகு, Services பட்டியலில் Refund Reissue என்ற இடத்தில் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து, ஆதார் ஓடிபி போன்ற வழியில் உறுதிசெய்ய வேண்டும். இந்த இரண்டாவது படி இருப்பதே தெரியாமல் மாதக் கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. நாங்கள் அக்டோபர் கடைசியில் விண்ணப்பித்தோம், நவம்பர் நடுவில் பணம் வந்தது.

பணம் உடனே வேண்டும் என்றால் இன்னொரு வழியும் உண்டு. பானோடு பெயர் பொருந்துகிற வேறு கணக்கு உங்களுக்கு இருந்தால் அதைத் தளத்தில் சேர்த்துச் சரிபார்த்து, ரீஃபண்டை அதற்கு வாங்கிக்கொள்ளலாம். பழைய கணக்கை நிதானமாகத் திருத்திக்கொள்ளலாம். அத்தைக்கு இருந்தது அந்த ஒரே கணக்கு.

பையன் ஜெர்மனியிலேர்ந்து அனுப்பினான். திரும்பிப் போச்சு, தொகையும் குறைஞ்சிருச்சு. அதை யார்கிட்ட கேக்கறது?

வெளிநாட்டுப் பணத்தில் தாமதமே செலவு. அனுப்பும் வங்கி, நடுவில் உள்ள வங்கி, உங்கள் வங்கி என்று கை மாறி வருகிறது. பெயர் பொருந்தவில்லை என்று திருப்பினால் வழியில் உள்ளவர்கள் கட்டணத்தைக் கழித்துக்கொண்டுதான் அனுப்புவார்கள். ரூபாயாக மாற்றிய பிறகு திரும்பினால் மாற்று விகித வித்தியாசமும் சேரும். போனதைத் திரும்பப் பெறுவது கடினம்.

பணம் இன்னும் திரும்பவில்லை, உங்கள் வங்கியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றால் இன்னும் வழி இருக்கிறது. மகன் தன் வங்கியிடம் போய், பெறுபவர் பெயரைத் திருத்தி ஒரு செய்தி அனுப்பச் சொல்ல வேண்டும். அந்தப் பணம் எங்கே இருக்கிறது என்று தேட உதவும் யூஇடிஆர் எண்ணை அவரிடம் வாங்கி, உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவிடம் கொடுத்து, திருத்தம் வருகிறது, அதுவரை திருப்ப வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். இந்த வேலையை உங்கள் கிளை செய்யாது. வேறு ஊரில் உள்ள மையப் பிரிவு செய்யும். மின்னஞ்சல் முகவரியைக் கிளையில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சரியான பெயரை விட வங்கியில் இருக்கிற பெயரே முக்கியம். கணக்கில் இன்னும் `LAKSMI` என்றுதான் இருக்கிறது என்றால், திருத்தம் முடியும்வரை மகனும் `LAKSMI` என்றே போட்டு அனுப்பட்டும். அங்கே ஒப்பிடுவது பானோடு அல்ல, கணக்குப் பெயரோடு.

கடிதம் கொடுத்து ரெண்டு மாசம் ஆச்சு. அசையவே மாட்டேங்கறாங்க.

கிளைக்குக் கொடுத்த கோரிக்கை வேறு, வங்கிக்குக் கொடுக்கும் புகார் வேறு. முதலில் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவில் எழுத்தில் புகார் பதிந்து எண் வாங்குங்கள். முத்திரை போட்ட கடிதப் பிரதியை இணையுங்கள். 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். வங்கியிடம் முதலில் புகார் செய்யாமல் நேராக அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கவுண்டரில் வாயால் சொன்னதெல்லாம் புகாராக எண்ணப்படாது.

கூட்டுக் கணக்கு, ஃபிக்ஸட் டெபாசிட், பழைய செக் புக் இதெல்லாம் என்ன ஆகும்?

கூட்டுக் கணக்கில் வெளியே போகும் பெயர் பெரும்பாலும் முதலில் இருப்பவருடையது. இரண்டாவது பெயராக இருக்கும் மனைவிக்கு வர வேண்டிய ரீஃபண்டை அந்தக் கணக்குக்குக் கேட்டால், எழுத்து சரியாக இருந்தாலும் பொருந்தாமல் போகலாம். அது எழுத்துப் பிழை இல்லை. அவர் முதல் பெயராக இருக்கும் கணக்கைக் கொடுப்பதுதான் சுலபம்.

வைப்புத் தொகை ஒவ்வொன்றும் தனிக் கணக்கு. அதன் பெயரையும் தனியாக மாற்ற வேண்டியிருக்கலாம் என்பதால்தான் கடிதத்தில் எண்களை எழுதச் சொன்னேன். ரசீதைக் கொண்டுபோய்ப் புதிய பெயரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

செக் புத்தகத்தில் அச்சாகியிருக்கும் பழைய பெயரால் நீங்கள் எழுதும் செக் நிற்காது, கையெழுத்து மாறாதவரை. ஆனால் கணக்குச் சான்றாக ரத்து செய்த செக் தாளைக் கேட்கும் இடங்களில் அந்தப் பெயரைப் படிப்பார்கள். புதுப் புத்தகம் கேட்டு வாங்கி, முதல் தாளில் எழுத்தை எண்ணிப் பாருங்கள். அத்தைக்கு வந்த புது செக் புத்தகத்தில் இடம் போதாமல் `VIJAYALAKSHMI SUBRAMANIA` என்று N இல்லாமல் அச்சாகி வந்தது. அது அச்சில் மட்டும்தான், பதிவில் சரியாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு விட்டுவிட்டோம்.